எடுத்துக்காட்டைப் படிக்கும் முறை

நுழையும்முன்

பயிற்சித்தாளின் மேற்பகுதியில் ஒரு வினாவுக்கு மட்டும் விடை அச்சிடப்பட்டிருக்கும். அதன் கீழே உள்ள வினாக்களுக்கு அதே முறையில் விடை எழுத வேண்டும். இலக்கணப் பாடத்தில் இத்தகைய பயிற்சிகள் மிகுதி. பகுபத உறுப்பிலக்கணம் அவற்றுள் ஒன்று. எடுத்துக்காட்டின் வடிவத்தை அப்படியே நகலெடுத்தால் சில வினாக்களுக்குச் சரியான விடை கிடைக்கும். சிலவற்றுக்குப் பிழையான விடை கிடைக்கும். இரண்டும் தாளில் ஒரே அழகுடன் தோன்றும் என்பதே சிக்கல். ஓர் எடுத்துக்காட்டிலிருந்து எதை எடுத்துக்கொள்ள வேண்டும், எதை விட்டுவிட வேண்டும் என்பதை ஒரு பயிற்சித்தாளைக் கொண்டே இப்பாடம் விளக்குகிறது.

ஒரு பயிற்சித்தாள்

கீழ்க்காணும் பயிற்சியை நோக்குக.

பகுபத உறுப்பிலக்கணம் தருக.

எடுத்துக்காட்டு: படித்தான் = படி + த் + த் + ஆன்
படி – பகுதி
த் – சந்தி
த் – இறந்தகால இடைநிலை
ஆன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

1. பறித்தாள்
2. கேட்டான்
3. நடந்தார்
4. எழுதினாள்
5. வாழ்க
6. வந்தனன்

பவணந்தி முனிவர் இயற்றிய நன்னூல், பகுபதத்தின் உறுப்புகளைப் பகுதி, விகுதி, இடைநிலை, சாரியை, சந்தி, விகாரம் என ஆறாக வகுக்கிறது. மேலே உள்ள எடுத்துக்காட்டில் இவற்றுள் நான்கு உள்ளன. சாரியையும் விகாரமும் இல்லை. ஆகவே, ஆறு உறுப்புகளையும் இந்த ஓர் எடுத்துக்காட்டு நமக்குக் காட்டிவிடாது. இதை முதலிலேயே மனத்திற் கொள்ள வேண்டும்.

முதல் வினா எளிது. பறித்தாள் என்னும் சொல் பறி + த் + த் + ஆள் எனப் பிரியும். எடுத்துக்காட்டின் மேல் இச்சொல்லை வைத்தால் எழுத்துக்கு எழுத்து பொருந்துகிறது. ஆயினும் இங்கேயே ஒரு பிழை நேர்வதுண்டு. கை, எடுத்துக்காட்டின் நான்காம் வரியைப் பார்த்தபடியே எழுதிச் சென்று, 'ஆள் – ஆண்பால் வினைமுற்று விகுதி' என முடித்துவிடும். சொல்லைச் சரியாகப் பிரித்த ஒருவர் அதன் விளக்கத்தில் தவறுகிறார். ஆள் என்பது பெண்பால் வினைமுற்று விகுதி. இப்பிழை அறியாமையால் வருவது அன்று. விளக்கத்தை இலக்கணக் குறிப்பாகப் படிக்காமல் அச்சிட்ட வரியாகப் பார்த்து எழுதுவதால் வருவது.

எடுத்துக்காட்டு சொல்வதும் சொல்லாததும்

எடுத்துக்காட்டு இரண்டு செய்திகளைத் தருகிறது. ஒன்று, விடை எழுதும் வடிவம். சொல்லை முதலில் எழுதி, சமக்குறி இட்டு, உறுப்புகளைக் கூட்டற்குறியால் பிரித்து, பின்னர் ஒவ்வோர் உறுப்பையும் தனி வரியில் விளக்க வேண்டும் என்பது அவ்வடிவம். இதை மாற்றாமல் பின்பற்றலாம். மற்றொன்று, அந்தச் சொல்லுக்கு மட்டும் உரிய விடை. நான்கு உறுப்புகள், சந்தி இருத்தல், அச்சந்தி தகர ஒற்றாக இருத்தல், இடைநிலையும் தகர ஒற்றாக இருத்தல் ஆகியன எல்லாம் படித்தான் என்னும் சொல்லுக்கு உரியவை. இவை வேறொரு சொல்லுக்குப் பொருந்தலாம், பொருந்தாமலும் போகலாம்.

இவ்விரண்டுக்கும் அப்பால் எடுத்துக்காட்டு சொல்லாமல் விடும் செய்தி ஒன்று உண்டு. அதுவே நமக்கு மிகவும் தேவையானது. 'படித்தான்' என்பதில் இரண்டு தகர ஒற்றுகள் அடுத்தடுத்து நிற்கின்றன. ஒன்று சந்தி, மற்றொன்று இடைநிலை என எடுத்துக்காட்டு பெயரிடுகிறது. ஒரே வடிவிலுள்ள இரண்டு எழுத்துகளுக்கு இருவேறு பெயர்கள் ஏன்? அவை செய்யும் வேலைகள் வெவ்வேறு என்பது விடை. ஆனால் அவ்வேலைகளை நாம் எவ்வாறு கண்டறிவது என்பதைத் தாளில் உள்ள நான்கு வரிகள் சொல்லவில்லை. முடிவு அச்சிடப்பட்டுள்ளது, முடிவுக்கு வந்த வழி அச்சிடப்படவில்லை.

அந்த வழியைப் படிப்பவரே நிரப்பிக்கொள்ள வேண்டும் என்பதை ஆய்வும் காட்டியுள்ளது. மிஷலீன் சீ என்னும் அமெரிக்க உளவியலாளரும் அவருடன் பணியாற்றியோரும், இயற்பியலில் இயக்கவியல் கற்கும் மாணவர்கள் விடையுடன் கூடிய எடுத்துக்காட்டுகளை எவ்வாறு படிக்கின்றனர் என ஆராய்ந்து, 1989இல் தம் முடிவுகளை வெளியிட்டனர். பின்னர் கணக்குகளை நன்கு தீர்த்த மாணவர்கள், எடுத்துக்காட்டைப் படிக்கும்போதே ஒவ்வொரு படிக்கும் காரணத்தைத் தமக்குத் தாமே விளக்கிக்கொண்டிருந்தனர். தமக்கு எது புரியவில்லை என்பதையும் அவர்கள் உடனே உணர்ந்தனர். கணக்குத் தீர்க்கும்போது, ஐயம் எழுந்த குறிப்பிட்ட ஓர் இடத்தைப் பார்ப்பதற்காக மட்டும் எடுத்துக்காட்டுக்குத் திரும்பினர். மற்றையோரோ எடுத்துக்காட்டை மீண்டும் மீண்டும் வாசித்து அதிலேயே விடையைத் தேடினர். வேறுபாடு, எடுத்துக்காட்டைப் பார்த்த எண்ணிக்கையில் மட்டும் இல்லை. எதற்காகப் பார்த்தனர் என்பதிலும் இருந்தது.

ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல்

படித்தான் என்பதன் நான்கு உறுப்புகளும் என்ன வேலை செய்கின்றன எனக் கண்டறிய எளிய வழி ஒன்று உண்டு. சொல்லில் ஒரு பொருளை மட்டும் மாற்றி, சொல்லின் எந்தப் பகுதி மாறுகிறது எனப் பார்க்க வேண்டும்.

முதலில் வினை செய்தவரை மாற்றுவோம். காலம் மாற வேண்டா. படித்தான், படித்தாள், படித்தார், படித்தேன், படித்தாய் எனச் சொற்கள் அமைகின்றன. 'படித்த்' என்பது எல்லாவற்றிலும் நிற்கிறது. ஆன், ஆள், ஆர், ஏன், ஆய் என இறுதி மட்டும் மாறுகிறது. எனவே திணை, பால், எண், இடம் காட்டுவது இறுதி உறுப்பு. அதுவே விகுதி.

அடுத்து, காலத்தை மட்டும் மாற்றுவோம். வினை செய்தவர் மாற வேண்டா.

படித்தான் = படி + த் + த் + ஆன்
படிக்கிறான் = படி + க் + கிறு + ஆன்
படிப்பான் = படி + ப் + ப் + ஆன்

இம்முறை படி என்பதும் ஆன் என்பதும் மாறவில்லை. இடையில் உள்ளவை மாறிவிட்டன. த், கிறு, ப் ஆகியன முறையே இறந்தகாலம், நிகழ்காலம், எதிர்காலம் காட்டுகின்றன, அவை இடைநிலைகள். அவற்றுக்கு முன் உள்ள எழுத்தை நோக்குக. இடைநிலை தகரமானால் அதுவும் தகரம். இடைநிலை ககரத்தில் தொடங்கினால் அதுவும் ககரம். இடைநிலை பகரமானால் அதுவும் பகரம். அது தானாகக் காலம் காட்டவில்லை. பகுதியையும் இடைநிலையையும் இணைக்கும் இடத்தில், வரும் எழுத்துக்கு ஏற்பத் தோன்றுகிறது. அதனால்தான் அது சந்தி எனப்படுகிறது.

இப்போது எடுத்துக்காட்டின் இரண்டாம் வரி நமக்கு வேறு வகையில் புரிகிறது. 'த் – சந்தி' என்பதைத் 'தகர ஒற்று வந்தால் சந்தி' என நினைவில் வைத்தல் பயன் தராது. 'பகுதிக்குப் பின் கூடுதலாகத் தோன்றி, காலத்தோடு சேர்ந்து மாறும் மெய் சந்தி' என வைத்தல் பயன் தரும். முன்னது படித்தான் என்னும் சொல்லுக்கே உரியது. பின்னது பிற சொற்களுக்கும் உடன் வரும்.

கூடுதலாக நிற்கும் எழுத்தும் மாற்றாக நிற்கும் எழுத்தும்

இரண்டாம் வினா கேட்டான். எடுத்துக்காட்டில் த், த் என இரண்டு ஒற்றுகள் இருந்தமையால், இங்கும் ட், ட் என இரண்டு இருப்பதைக் கண்டவுடன் கே + ட் + ட் + ஆன் எனப் பிரித்து, முதல் டகரத்தைச் சந்தி என எழுதிவிட மனம் விரையும். பார்வைக்கு எடுத்துக்காட்டோடு முற்றிலும் ஒத்திருக்கும் இவ்விடை பிழையானது.

பிழையை எவ்வாறு அறிவது? பகுதியிலிருந்து தொடங்க வேண்டும். வினைச்சொல்லின் பகுதி, முன்னிலையில் ஒருவரை ஏவும்போது வரும் வடிவில் இருக்கும். படித்தான் என்பதற்கு ஏவல் 'படி'. கேட்டான் என்பதற்கு ஏவல் 'கே' அன்று; 'கேள்'. இனி அப்பகுதியின் எழுத்துகள் சொல்லில் முழுமையாக உள்ளனவா எனப் பார்க்க வேண்டும். படித்தான் என்பதில் படி முழுமையாக உள்ளது; எனவே அடுத்து வரும் தகரம் கூடுதல் எழுத்து. கேட்டான் என்பதிலோ கேள் முழுமையாக இல்லை. ளகர ஒற்றைக் காணோம். அது இருந்த இடத்தில் டகரம் நிற்கிறது. இந்த டகரம் கூடுதலாக வந்தது அன்று. ளகரத்திற்கு மாற்றாக வந்தது. கூடுதலாக வந்தது சந்தி. மாற்றாக வந்தது விகாரம்.

கேட்டான் = கேள் (கேட்) + ட் + ஆன்
கேள் – பகுதி
'கேட்' எனத் திரிந்தது விகாரம்
ட் – இறந்தகால இடைநிலை
ஆன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

காலத்தை மாற்றிப் பார்த்தாலும் இது உறுதியாகும். கேட்கிறான், கேட்பான் என்னும் சொற்களிலும் அந்த டகரம் நிற்கிறது. சந்தியாக இருந்திருந்தால் ககரத்தின் முன் ககரமாகவும் பகரத்தின் முன் பகரமாகவும் மாறியிருக்கும்.

ஆயினும் காலத்தை மாற்றிப் பார்ப்பது மட்டும் எப்போதும் போதாது. நின்றான், நிற்கிறான், நிற்பான் என்னும் சொற்களை எடுத்துக்கொள்வோம். இங்கே னகரமும் றகரமும் காலத்தோடு மாறுகின்றன. அதனால் அவற்றைச் சந்தி எனக் கருதலாமா? கூடாது. ஏவல் 'நில்'. அதன் லகரம் சொல்லில் இல்லை; அதன் இடத்தில்தான் னகரமும் றகரமும் வந்துள்ளன. எனவே நின்றான் என்பது நில் (நின்) + ற் + ஆன் எனப் பிரியும். பகுதியின் எழுத்துகளை எண்ணிப் பார்ப்பதே முதற்படி. எண்ணிக்கை நிறைவாக இருந்தால் மட்டுமே அடுத்த எழுத்து சந்தியா என ஆராய வேண்டும்.

மூன்றாம் வினாவான நடந்தார் என்பதில் இவ்விரண்டு படிகளும் வேண்டும். ஏவல் 'நட'. நட முழுமையாக உள்ளது. எனவே நகர ஒற்று கூடுதல் எழுத்து. காலத்தை மாற்றினால் நடக்கிறார், நடப்பார் என வருகிறது. கூடுதல் எழுத்து ககரமாகவும் பகரமாகவும் மாறுகிறது. ஆகவே அது சந்தியே. ஆனால் இடைநிலை தகரம் என்பதால், படித்தான் என்பதில் கண்டபடி சந்தியும் தகரமாக இருக்க வேண்டும். இங்கே நகரமாக இருக்கிறது. தகரச் சந்தி நகரமாகத் திரிந்துள்ளது, திரிந்தது விகாரம்.

நடந்தார் = நட + த் (ந்) + த் + ஆர்
நட – பகுதி
த் – சந்தி. 'ந்' ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
ஆர் – பலர்பால் வினைமுற்று விகுதி

கேட்டான், நடந்தார் ஆகிய இரண்டிலும் விகாரம் உண்டு. முன்னதில் விகாரம் அடைந்தது பகுதி. பின்னதில் விகாரம் அடைந்தது சந்தி. 'விகாரம்' என்று மட்டும் எழுதினால் போதாது. எந்த உறுப்பு எவ்வாறு மாறியது என்பதையும் எழுத வேண்டும். எடுத்துக்காட்டில் விகாரம் இல்லாமையால் அதை எழுதும் முறையை எடுத்துக்காட்டிலிருந்து பெற இயலாது. மாறிய வடிவத்தை அடைப்புக்குறிக்குள் தருவதும், அதனைத் தனியே விளக்குவதும் நாம் அறிந்திருக்க வேண்டிய வழக்கம்.

நிரப்பக் கூடாத இடங்கள்

நான்காம் வினா எழுதினாள். எடுத்துக்காட்டில் நான்கு உறுப்புகள் இருந்தமையால் இங்கும் நான்கு வேண்டும் என்ற எண்ணம் எழுகிறது. எழுதி + ன் + ஆள் எனப் பிரித்துப் பார்ப்போர் உறுப்பு ஒன்று குறைவதைக் கண்டு, எழுது + இ + ன் + ஆள் என நான்காக்குவதும் உண்டு. இகரம் சந்தி என்றும் னகரம் இடைநிலை என்றும் பெயர் பெற்றுவிடும்.

முறைப்படி பார்ப்போம். ஏவல் 'எழுது'. காலத்தை மாற்றினால் எழுதுகிறாள், எழுதுவாள் என வருகிறது. நிகழ்காலத்தில் கிறு என்னும் இடைநிலைக்கு முன் கூடுதல் ககரம் தோன்றவில்லை. படிக்கிறாள் என்பதோடு எழுதுகிறாள் என்பதை ஒப்பிட்டால் இது தெளிவாகும். படி, நட போன்ற வினைகள் சந்தி பெறும். எழுது, செய் போன்ற வினைகள் சந்தி பெறா. எனவே சந்தி என்பது எல்லாச் சொற்களிலும் நிரப்பப்பட வேண்டிய கட்டம் அன்று. எழுதினாள் என்பதில் இறந்தகாலம் காட்டுவது 'இன்' என்னும் இடைநிலை. உயிரெழுத்தில் தொடங்கும் அவ்விடைநிலை வந்து சேரும்போது, எழுது என்பதன் இறுதியிலுள்ள குற்றியலுகரம் கெட்டு, தகரத்தின்மேல் இகரம் ஏறி எழுதின் என ஆகிறது.

எழுதினாள் = எழுது + இன் + ஆள்
எழுது – பகுதி
இன் – இறந்தகால இடைநிலை
ஆள் – பெண்பால் வினைமுற்று விகுதி

த், ட், ற், இன் என்னும் நான்கும் இறந்தகால இடைநிலைகள் என்பதை அறிந்தவர் இன் என்பதை உடைக்க மாட்டார். எடுத்துக்காட்டு இந்நான்கனுள் ஒன்றை மட்டுமே காட்டியது. ஏனைய மூன்றும் பாடத்தில் கற்றவை. எடுத்துக்காட்டு பாடத்தை நினைவூட்டும். பாடத்தின் இடத்தில் அது நிற்காது.

ஐந்தாம் வினாவான வாழ்க என்பதில் வேறுபாடு இன்னும் பெரிது. எடுத்துக்காட்டின் வழியே சென்றால் வாழ் + க் + அ எனப் பிரித்து, ககரத்தை இடைநிலை எனவும் அகரத்தை விகுதி எனவும் எழுத நேரும். ஒன்றை மட்டும் மாற்றிப் பார்க்கும் முறையை இதில் செய்து பார்த்தால் இச்சொல்லின் இயல்பு விளங்கும். வினை செய்பவரை மாற்றுக: அவன் வாழ்க, அவள் வாழ்க, அவர் வாழ்க, நீ வாழ்க. சொல் மாறவே இல்லை. எனவே இதன் இறுதி உறுப்பு பால் காட்டவில்லை. இச்சொல் நடந்த செயலையோ நடக்கும் செயலையோ கூறவும் இல்லை, வாழ்த்துகிறது. எனவே காலம் காட்டும் இடைநிலையைத் தேடுவதும் வீண்.

வாழ்க = வாழ் + க
வாழ் – பகுதி
க – வியங்கோள் வினைமுற்று விகுதி

விடை இரண்டே உறுப்புகளுடன் நிறைவடைகிறது. எடுத்துக்காட்டைவிடக் குறுகிய விடையைக் கண்டு ஐயுற வேண்டியதில்லை. உறுப்புகளின் எண்ணிக்கையை முடிவு செய்வது வினாவில் உள்ள சொல்லே.

எடுத்துக்காட்டில் இல்லாத உறுப்பு

ஆறாம் வினா வந்தனன். இங்கே எடுத்துக்காட்டைவிட உறுப்புகள் மிகுதி. ஏவல் 'வா'. சொல்லில் நிற்பது 'வ'. நெடில் குறிலாகக் குறுகியுள்ளது; இது பகுதியில் நேர்ந்த விகாரம். அடுத்துள்ள நகரமும் தகரமும் நடந்தார் என்பதில் கண்டவாறே அமைந்துள்ளன. தகரச் சந்தி நகரமாகத் திரிந்தது. அடுத்த தகரம் இடைநிலை. எஞ்சியிருப்பது 'அனன்'. எடுத்துக்காட்டில் இடைநிலையை அடுத்து விகுதி வந்ததால், 'அனன்' முழுவதையும் விகுதி எனக் கொள்ளலாமா?

வினை செய்தவரை மாற்றுவோம். வந்தனன், வந்தனள், வந்தனர் என வருகின்றன. மூன்றிலும் 'வந்தன்' வரை மாற்றம் இல்லை. அன், அள், அர் என்னும் இறுதிகளே மாறுகின்றன. எனவே விகுதி இறுதியில் உள்ள அன் மட்டுமே. அதற்கு முன் உள்ள அன் பாலையும் காட்டவில்லை, காலத்தையும் காட்டவில்லை. இடைநிலையையும் விகுதியையும் பொருத்துவதற்காக அவற்றின் இடையே வந்துள்ளது. அது சாரியை. வந்தான் என்னும் சொல் இச்சாரியை இன்றியே அதே பொருளைத் தருவதையும் காண்க.

வந்தனன் = வா (வ) + த் (ந்) + த் + அன் + அன்
வா – பகுதி. 'வ' எனக் குறுகியது விகாரம்
த் – சந்தி. 'ந்' ஆனது விகாரம்
த் – இறந்தகால இடைநிலை
அன் – சாரியை
அன் – ஆண்பால் வினைமுற்று விகுதி

படித்தான் என்பதில் அடுத்தடுத்த இரண்டு தகரங்களை வேறுபடுத்திய அதே முறை, வந்தனன் என்பதில் அடுத்தடுத்த இரண்டு அன்களையும் வேறுபடுத்திவிட்டது. சாரியையைப் பற்றி எடுத்துக்காட்டு ஒரு சொல்லும் கூறவில்லை. ஆனால் எடுத்துக்காட்டைப் படித்த முறை சாரியையைக் கண்டுபிடிக்க உதவியது. ஆறு உறுப்புகளும் ஒருங்கே அமைந்த இச்சொல்லுக்கு விடை எழுத முடிந்ததற்கு அதுவே காரணம்.

விடையைச் சரிபார்த்தல்

எழுதிய விடையை எடுத்துக்காட்டோடு ஒப்பிட்டுச் சரிபார்ப்பது இயல்பான வழக்கம். கேட்டான் என்பதற்கு எழுதப்பட்ட பிழையான விடை எடுத்துக்காட்டை மிக நன்றாக ஒத்திருந்தது. சரியான விடையோ ஒத்திருக்கவில்லை. ஆகவே விடையைச் சொல்லோடு ஒப்பிட்டே சரிபார்க்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகள் போதும்.

முதலாவது, பகுதி என எழுதியதைக் கொண்டு ஒருவரை ஏவ முடியுமா? 'கே' என ஏவ முடியாது. 'கேள்' என ஏவலாம். இரண்டாவது, பிரித்த உறுப்புகளை, குறித்த விகாரங்களோடு மீண்டும் சேர்த்தால் அதே சொல் கிடைக்கிறதா? கேள் என்பதை மாற்றமின்றி ட், ஆன் என்பவற்றோடு சேர்த்தால் கேட்டான் கிடைக்காது. விகாரத்தைக் குறிக்க மறந்தோம் என்பதை அது உணர்த்தும். மூன்றாவது, காலத்தையோ பாலையோ மாற்றும்போது, நாம் இடைநிலை என்றதும் விகுதி என்றதும் அவற்றுக்குரிய மாற்றத்தை அடைகின்றனவா?

இம்மூன்றாம் கேள்விக்கு விடை கிடைக்காத சொற்களும் தமிழில் உண்டு. விட்டான் என்பது அவற்றுள் ஒன்று. கேட்டான் போலவே ஒலித்தாலும் இதன் ஏவல் 'விடு'. இச்சொல்லில் இறந்தகாலம் காட்டத் தனி இடைநிலை இல்லை; விடு என்னும் பகுதியே ஒற்று இரட்டித்து 'விட்டு' என நின்று இறந்தகாலம் காட்டுகிறது. எனவே இது விடு (விட்டு) + ஆன் எனப் பிரியும். டு, று போன்ற எழுத்துகளில் முடியும் பகுதிகள் சில இவ்வாறு இரட்டித்துக் காலம் காட்டும். கேட்டான் என்பதையே எடுத்துக்காட்டாக அச்சிட்டு, விட்டான் என்பதை வினாவாகக் கேட்டாலும், நகலெடுப்பவர் தவறுவார். ஏவலிலிருந்து தொடங்குபவர் இரண்டின் வேறுபாட்டையும் முதற்படியிலேயே காண்பார்.

தேர்வுத்தாளில் மேற்பகுதியில் விடையுடன் கூடிய எடுத்துக்காட்டு இருப்பதில்லை. பயிற்சித்தாளிலிருந்து அங்கே உடன் கொண்டு செல்லக்கூடியவை, ஏவலைக் கண்டு பகுதியை உறுதி செய்தல், பகுதியின் எழுத்துகளை எண்ணுதல், ஒன்றை மட்டும் மாற்றிப் பார்த்தல் ஆகிய மூன்றுமே.

கற்பவை கற்றபின்

1. 'பார்த்தாள்' என்பதற்கு உறுப்பிலக்கணம் எழுதி, இடையிலுள்ள இரண்டு தகரங்களுள் எது சந்தி, எது இடைநிலை என்பதைக் காலத்தை மாற்றி நிறுவுக.

2. 'கண்டான்', 'உண்டான்' ஆகிய இரண்டும் ஒரே ஓசையில் முடிகின்றன. இவற்றுள் ஒன்றில் மட்டும் பகுதி விகாரம் அடைந்துள்ளது. அது எது என்பதை ஏவலைக் கொண்டு கண்டறிக.

3. 'நடக்கின்றனர்' என்னும் சொல்லுக்கு உறுப்பிலக்கணம் தருக. இதில் உள்ள சாரியையை எவ்வாறு அடையாளம் கண்டீர்கள் என்பதை ஒரு தொடரில் எழுதுக.

4. நும் வகுப்பு நண்பருக்காக ஆறு சொற்கள் கொண்ட பயிற்சித்தாள் ஒன்றை உருவாக்குக. அதன் மேற்பகுதியில் விடையுடன் அச்சிடத்தக்க ஒரு சொல்லைத் தேர்ந்தெடுத்து, அதனைத் தேர்ந்தமைக்கான காரணத்தையும், அச்சொல் காட்டாத உறுப்புகள் எவை என்பதையும் குறிப்பிடுக.